ஞாயிறு காலை இரண்டேகால் மணி நேரம்

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரவு ஏழரை மணிக்கு ஒரு சாம்பார் வைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். பருப்பு வெந்து குக்கரின் ஆவி அடங்க அரை மணி. புளியை ஊறவைத்துக் கரைக்கப் பத்து நிமிடம். காய் அலம்பி நறுக்கப் பத்து நிமிடம். அடுப்பின் முன் நின்று கொதிக்கவிட்டு, பொடி போட்டு, தாளித்து இறக்கும் சமையல் பத்துப் பதினைந்து நிமிடந்தான். மற்றதெல்லாம் காத்திருப்பும் கைவேலையும்.

வார இறுதியில் முன்கூட்டிச் செய்ய வேண்டியது இந்தக் காத்திருப்பையும் கைவேலையையும் மட்டுமே. ஐந்து நாள் குழம்பையும் ஞாயிற்றுக்கிழமையே வைத்து அடுக்கிவிடுகிறவர்கள் புதன்கிழமைக்குள் சலித்துப்போவதற்குக் காரணம், கடைசிப் பத்து நிமிடத்தையும் சேர்த்தே முன்கூட்டி முடித்துவிடுவதுதான். தாளிப்பின் மணம், தேங்காயின் பசுமை, கொத்தமல்லி இவை எதுவும் மூன்று நாள் ஃப்ரிட்ஜில் தாங்காது. பருப்பு, கொண்டைக்கடலை, வெங்காயத் தக்காளி மசாலா, சுட்ட காய் இவையெல்லாம் பாதிப் பக்குவத்தில் நன்றாகவே தாங்கும். ஆகவே பாதிச் சமையலை ஞாயிற்றுக்கிழமைக்கும் மீதியை அந்தந்த நாளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்லும் கணக்கு இரண்டு பேர் உள்ள வீட்டுக்கானது. இரண்டு பர்னர் அடுப்பு, 5 லிட்டர் குக்கர் ஒன்று, 3 லிட்டர் குக்கர் ஒன்று, 30 லிட்டர் அளவுள்ள ஓடிஜி ஓவன், தனி ஃப்ரீசர் அறை உள்ள ஃப்ரிட்ஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இட்லி மாவு அரைப்பதை இதில் சேர்க்கவில்லை. அதைச் சனிக்கிழமை மாலையே அரைத்துவிடலாம், அல்லது கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

எதை முதலில், எதைப் பிறகு

வரிசை போடுவதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: எந்த வேலை நம்மை எதிர்பார்க்காமல் தானே நடக்கும்? அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். குக்கர் தானே வேகும், தானே ஆவி அடங்கும். ஓவன் தானே சுடும். வாணலியில் வதக்குவதற்கு மட்டும் ஆள் நிற்க வேண்டும். எனவே முதலில் குக்கர், அடுத்து ஓவன், கடைசியில் வாணலி. இந்த மூன்றும் நடக்கும்போதே ஒருவர் காய் நறுக்கிக்கொண்டிருக்கலாம். வதக்கலில் ஆரம்பித்தால் அரை மணி நேரம் கரண்டியோடு கட்டுண்டு நிற்போம், குக்கரும் ஓவனும் அதுவரை சும்மா கிடக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. வெந்ததை ஆற வைக்கவும் இடமும் நேரமும் வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் இறங்கினால் மேடை முழுவதும் சூடான பாத்திரங்கள் நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றாக ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினால் உள்ளே இருக்கும் பாலும் தயிரும் சேர்ந்து சூடேறும். ஒன்று ஆறி உள்ளே போகும்போது அடுத்தது இறங்குகிற மாதிரி நேரம் பிரிய வேண்டும். கீழே உள்ள நேரக்கணக்கு அதை மனத்தில் வைத்துப் போட்டதுதான்.

ஒன்பது மணியிலிருந்து

சனிக்கிழமை இரவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 250 கிராம் கொண்டைக்கடலையை நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரம் ஊற வேண்டும். ஞாயிறு காலை எட்டரைக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு, அதாவது சுமார் 200 கிராம், களைந்து ஊறட்டும். நூறு கிராம் புளியும் வெந்நீரில் ஊறட்டும்.

ஒன்பது மணிக்கு இரண்டு பர்னரிலும் இரண்டு குக்கர். பெரியதில் கொண்டைக்கடலையும் உப்பும், கடலைக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கும் அளவுக்குத் தண்ணீரும். சின்னதில் பருப்பு, அதைப் போல் இரண்டரைப் பங்கு தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு விளக்கெண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும். பருப்பும் பயறும் நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதி அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் நுரை மேலேறி வெயிட் உட்காரும் துளையை அடைக்கும். மூடுவதற்கு முன் அந்தத் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

"என்னங்க, ரெண்டு விசிலா மூணா?" என்ற கேள்வி கேட்காத வீடு கிடையாது. இரண்டு குக்கர் ஒரே நேரத்தில் கூவும்போது எந்த விசில் எதனுடையது என்பதே தெரியாது. விசில் எண்ணுவது சரியான அளவும் அல்ல. தீ பெரிதாக இருந்தால் விசில் அடுத்தடுத்து வரும், சின்னதாக இருந்தால் வெகுநேரம் வராது. வேகவைப்பது விசில் அல்ல, உள்ளே 120 டிகிரிக்கு அருகில் நிற்கும் சூடும் அது நிற்கும் நேரமும். அதனால் முதல் விசில் வரும்வரை பெரிய தீ, வந்ததும் சிம், அதிலிருந்து நிமிடக் கணக்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஊறிய துவரம்பருப்புக்கு எட்டு நிமிடம், ஊறிய கொண்டைக்கடலைக்குப் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். போனில் இரண்டு அலாரம் வைத்துவிட்டால் இருவரும் வேறு வேலை பார்க்கலாம், எரிவாயுவும் மிச்சம்.

விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தால் காஸ்கெட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று விட்டால் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கும். உடனே அணைத்து, ஆவி அடங்கியபின் திறந்து காஸ்கெட்டை மாற்றுங்கள்.

ஒன்பது ஐந்துக்கு ஓவனை 200 டிகிரியில் போடுங்கள். சூடேற அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். ஓடிஜி பெரும்பாலும் 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதற்குத் தாங்காது, 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மிக்ஸியையும் சேர்த்துச் செருகுவது ஆபத்து.

ஓவன் சூடேறுவதற்குள் 750 கிராம் தக்காளியை இரண்டாகவும் 400 கிராம் பெரிய வெங்காயத்தை நான்காகவும் வெட்டி, பத்துப் பன்னிரண்டு பூண்டுப் பல் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டித் தட்டில் பரப்புங்கள். தக்காளியின் வெட்டிய பக்கம் மேலே பார்க்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் காய் விடும் நீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் எல்லாம் அவிந்துவிடும். ஓரம் கருகி இனிப்பேறும் சுவை வராது. இந்த அளவுக்கு மேல் 30 லிட்டர் ஓவனின் தட்டு கொள்ளாது. ஒன்பது இருபதுக்கு உள்ளே வைத்தால் முப்பத்தைந்து நிமிடம். பாதியில் ஒரு தடவை தட்டைத் திருப்பி வையுங்கள், பெரும்பாலான ஓவன்களில் பின்பக்கம் சூடு அதிகம்.

வெங்காயமும் தக்காளியும் வாணலியில் வதங்க நாற்பது நிமிடம் கிளற வேண்டும். ஓவன் இந்த வீட்டுக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான். கேக் செய்வதற்காக வாங்கி மூலையில் கிடக்கும் ஓவனுக்கு நம் சமையலில் இதைவிட நல்ல வேலை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒன்பது இருபதுக்குள் பருப்புக் குக்கரை அணைத்திருப்பீர்கள். அதை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பர்னரில் புளி. ஊறிய புளியைக் கரைத்து வடிகட்டி, உப்புப் போட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் கெட்டிப்படும்வரை இருபது நிமிடம் காய்ச்சுங்கள். அலுமினியத்தில் புளியும் வேண்டாம், தக்காளியும் வேண்டாம். ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுத்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். ஆகவே இந்த வேலை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் செய்தால் போதும்.

ஒன்பதரைக்குப் பருப்புக் குக்கரின் ஆவி அடங்கியிருக்கும். திறந்து மசித்து, அகலமான தாம்பாளத்தில் ஊற்றி, தாம்பாளத்தைக் குளிர்ந்த நீர் நிறைந்த பெரிய பேசினுக்குள் நிறுத்துங்கள். பருப்பு கெட்டியாகவே இருக்கட்டும், தண்ணீரைச் சமைக்கும் அன்று சேர்த்துக்கொள்ளலாம். கொண்டைக்கடலை ஒன்பதே முக்காலுக்குத் திறக்கும். ஒரு கடலையை எடுத்து இரு விரலால் நசுக்கினால் நடுவில் பருக்கையாக எதுவும் தட்டக் கூடாது. தட்டினால் மறுபடி மூடி ஐந்து நிமிடம். பழைய கடலையும் உப்புத் தண்ணீரும் இப்படித் தாமதமாக்கும். வேகும் முன்னால் புளியோ தக்காளியோ சேர்ப்பதும் அப்படியே, கடலை விறைத்துப்போகும். வெந்ததை வடித்து, ஒரு தட்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் வையுங்கள். வடித்த நீரை அன்றைக்கே ரசத்துக்குப் பயன்படுத்திவிடலாம்.

இத்துடன் குக்கரின் வேலை முடிந்தது. அடுத்து உருளைக்கிழங்கு, அதற்கடுத்து பீட்ரூட் என்று மூன்றாவது சுற்றுக்கு ஆசைப்பட வேண்டாம். ஆற வைக்கும் இடம் நிரம்பிவிட்டது.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தக்காளித் தட்டு வெளியே வரும், அதே சூட்டில் இரண்டாவது தட்டு உள்ளே போகும். ஒரு பக்கம் ஒரு பெரிய கத்தரிக்காய், முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தியது. குத்தாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து வெடித்து ஓவன் முழுவதும் தெறிக்கும். இன்னொரு பக்கம் உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய் புரட்டிய காலிஃப்ளவர். காலிஃப்ளவரை இருபத்தைந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், கத்தரிக்காய்க்கு இன்னும் ஐந்து பத்து நிமிடம் கூட வேண்டும். கத்தியை நுழைத்தால் தடையில்லாமல் இறங்கினால் ஆயிற்று.

ஓவனில் எப்போதும் அதிகச் சூட்டிலிருந்து குறைந்த சூட்டுக்கு இறங்கி வாருங்கள். பத்தரை மணியளவில் 160 டிகிரிக்குக் குறைத்து ஒரு தட்டு நிலக்கடலையைப் பதினைந்து நிமிடம் வறுக்கலாம், மாலைச் சிற்றுண்டிக்கும் சட்னிக்கும் ஆகும். அதை எடுத்தபின் ஓவனை அணைத்துவிட்டு, அலம்பித் துடைத்த கறிவேப்பிலையை மீதிச் சூட்டில் வைத்து மூடினால் அது மொறுமொறுவென்று காய்ந்துவிடும். பொடியில் சேர்க்க நல்லது.

இதற்கிடையே பத்தேகாலுக்கு, ஆறிய தக்காளி வெங்காயத்தை மிக்ஸியில் அரையுங்கள். சூடாக இருக்கும்போதே மூடி போட்டு அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிக் கையைச் சுட்டுவிடும். வாணலியில் எண்ணெய், இஞ்சி விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள், தனியாத்தூள், உப்பு, அரைத்த விழுது என்று வரிசையாகச் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறினால் ஓரத்தில் எண்ணெய் பிரியும். இந்தக் காலைப்பொழுதில் ஆள் நின்று கிளற வேண்டிய வேலை இது ஒன்றுதான். கரம் மசாலா, சோம்பு, தேங்காய் எதுவும் இப்போது வேண்டாம். அவை சேராதவரை இந்த மசாலா சைவக் குருமாவுக்கும் ஆகும், கோழிக் குழம்புக்கும் ஆகும்.

கத்தி பிடித்தவர் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை பீன்ஸ், கேரட் நறுக்கி, சின்ன வெங்காயம் உரித்து, ஒரு தேங்காயைத் துருவி முடித்திருப்பார். அசைவம் சாப்பிடுகிற வீடாக இருந்தால் கோழி எல்லாவற்றுக்கும் பிறகுதான் மேடைக்கு வர வேண்டும். பச்சைக் கோழியைத் தொட்ட பலகையிலும் கத்தியிலும் அப்படியே கேரட் வெட்டினால், அந்தக் கேரட்டைப் பச்சையாகச் சாப்பிடும்போது கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். பத்து நாற்பதுக்கு அரைக் கிலோ கோழியில் தயிர், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, மஞ்சள் பிசறி, தடிமனான பையில் தட்டையாகப் பரப்பி நேரே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பலகை, கத்தி, தொட்டி மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயடியில் கோழியை அலசும்போது நீர் தெறித்து அந்த இடமெல்லாம் கிருமி பரவும். அலசியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்துக்குள் வைத்து அலசுங்கள்.

மசாலா ஆறி டப்பாவில் ஏறும்போது மணி பதினொன்றேகால் ஆகியிருக்கும்.

ஆற வைப்பதிலும் கடிகாரம் வேண்டும்

சமைத்த பண்டத்தைச் சாதாரணச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் உலகம் முழுவதும் சொல்லும் விதி. வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் அது ஒரு மணி நேரமாகக் குறையும். சென்னையிலோ மதுரையிலோ பங்குனி முதல் ஆவணி வரை நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரந்தான். காலையில் இறக்கியதைச் "சாயங்காலம் எடுத்து வைக்கலாம்" என்று விடுவதில்தான் வாரச் சமையல் கெடுகிறது, ஃப்ரிட்ஜில் இருந்த நாட்களில் அல்ல.

ஆழமான குண்டானில் இருக்கும் பருப்பின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு அந்த வெதுவெதுப்புதான் வேண்டும். அதனால்தான் தாம்பாளமும் தண்ணீர்ப் பேசினும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் எதையும் ஆற வைக்காதீர்கள். முழுக்கக் குளிர வேண்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். கையில் எடுத்தால் லேசான வெதுவெதுப்பு மட்டும் இருக்கும் பக்குவத்தில் சிறு டப்பாக்களில் பிரித்து உள்ளே வைக்கலாம். ஆவி பறக்கும்போதே மூடினால் மூடியின் உட்புறம் நீர்த்துளி கோத்துக்கொண்டு திரும்பப் பண்டத்தின் மேல் விழும். அந்த ஈரம் பண்டத்தைச் சீக்கிரம் கெடுக்கும்.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். அந்தக் குளிரில் சமைத்தவை மூன்று, நான்கு நாள் நிற்கும். ஞாயிறு சமைத்ததற்குப் புதன் இரவு எல்லை. வியாழனுக்கும் வெள்ளிக்கும் வேண்டியது ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசருக்குப் போக வேண்டும். புதன்கிழமை மீந்ததை ஃப்ரீசரில் போடுவது தாமதம், ஏனென்றால் குளிரில் உறைவது கெடுவதை நிறுத்தி வைக்குமே தவிர, ஏற்கெனவே வளர்ந்துவிட்டதைத் திருப்பாது.

ஆகவே மசித்த பருப்பு மூன்று டப்பா, இரண்டு ஃப்ரிட்ஜுக்கு, ஒன்று ஃப்ரீசருக்கு. கொண்டைக்கடலை பாதி ஃப்ரிட்ஜுக்கு, பாதி ஃப்ரீசருக்கு. மசாலா நான்கு பங்கு, இரண்டு இங்கே, இரண்டு அங்கே. ஃப்ரீசர் டப்பாவில் மேலே ஒரு விரற்கடை இடம் விடுங்கள், உறையும்போது விரிந்து மூடி தெறிக்கும். துருவிய தேங்காயும் ஃப்ரீசருக்குத்தான், அங்கே ஒரு மாதம் இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், எடுத்தபின் மணல் மணலாக உதிரும். மோர்க்குழம்பும் திரிந்துபோகும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி தனி ஃப்ரீசரைப் போல மைனஸ் 18 டிகிரிக்கு இறங்குவது அரிது. அதில் வைத்த ஐஸ்கிரீம் கல்லாக நிற்கிறதா என்று பாருங்கள். குழைந்தால் பருப்பையும் மசாலாவையும் அந்த வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், பச்சைக் கோழியை அதில் வைக்காதீர்கள்.

பீன்ஸ், கேரட்டை அலம்பித் துணியில் நன்றாகத் துடைத்தபின்தான் நறுக்க வேண்டும், டப்பாவின் அடியில் ஒரு துணித்துண்டு போட்டு வைத்தால் நாலு நாள் நிற்கும். வெண்டைக்காயை அலம்பவே வேண்டாம், கீரையை நறுக்கவே வேண்டாம். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு காகித டேப் ஒட்டிப் பெயரும் கிழமையும் எழுதுங்கள். சமைத்த நாளை விட "புதனுக்குள்" என்று எழுதுவது நல்லது. அலுப்போடு வந்து கதவைத் திறக்கிறவருக்குக் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தும் நாள் எல்லா ஊரிலும் உண்டு. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிர் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள் வரை, பாதி நிரம்பியது ஒரு நாள் வரை தாங்கும். இருவரும் அலுவலகத்தில் இருக்கும்போது எவ்வளவு நேரம் மின்சாரம் போனது என்று தெரியாதல்லவா? ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். நாணயம் ஐஸுக்குள் இறங்கிக் கிடந்தால் இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்போது கோழியைக் கொட்டிவிடுவதே சரி.

சோறு மட்டும் அன்றன்றைக்கு

வாரத்துக்குச் சேர்த்துச் சோறு வடித்து வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கும் நீரில் அவை சாவதில்லை. சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. வாசனையோ நிறமோ மாறாமலே இது நடந்துவிடும் என்பதுதான் சிக்கல். நாம் பழகிய சோதனைகள், நூல் விடுகிறதா, புளித்த வாடை வருகிறதா என்பவையெல்லாம், கெட்டதைக் காட்டுமே தவிர நல்லது என்று சான்று சொல்லாது. இருவருக்கு ஒரு டம்ளர் அரிசி சின்னக் குக்கரில் இருபத்தைந்து நிமிடத்தில் ஆகிவிடும், அந்த நேரத்துக்குள் குழம்பும் முடிந்துவிடும். மீந்ததை உடனே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

அந்த வாரம்

திங்களிரவு சாம்பார். அரிசிக் குக்கரை ஏற்றிவிட்டு, இன்னொரு பர்னரில் பீன்ஸும் கேரட்டும் சாம்பார் பொடியோடு பத்து நிமிடம் வேக, ஒரு கரண்டிப் புளிக் காய்ச்சலும் ஒரு டப்பா பருப்பும் சேர்ந்து கொதிக்க, தாளித்து இறக்கினால் சோறும் சாம்பாரும் ஒரே நேரத்தில் தயார். காலிஃப்ளவரைச் சூடான வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டினால் அதுவே பொரியல்.

செவ்வாய் சப்பாத்தி. மசாலாவும் கொண்டைக்கடலையும் கால் டம்ளர் தண்ணீரும் எட்டு நிமிடம் கொதித்தால் சன்னா. மாவு பிசைவதற்குத்தான் அன்றைக்கு நேரம் ஆகும். புதன் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு: சுட்ட காயைத் தோலுரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, புளியும் இரண்டாவது டப்பா பருப்பில் கொஞ்சமும் விட்டால் போதும். மீதிப் பருப்பு அன்று ரசத்துக்கோ கூட்டுக்கோ போய்விட வேண்டும்.

அன்று இரவு படுக்கும் முன் கோழிப் பையையும் ஒரு மசாலா டப்பாவையும் ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள், பைக்குக் கீழே ஒரு தட்டு வைக்க மறக்காமல். இந்த ஒரு வேலை மறந்துபோனால் வியாழன் திட்டம் கவிழும். அதற்காக வியாழன் காலை கோழியை மேடையில் எடுத்து வைத்துவிட்டு அலுவலகம் போகாதீர்கள். பதினொரு மணிக்கே உருகி மாலை வரை சூட்டில் கிடக்கும். மறந்துவிட்டால் பையோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு தடவை நீர் மாற்றினால், தட்டையாக உறைந்த பை ஒரு மணி நேரத்தில் இளகிவிடும். உருகியதும் உடனே சமைத்துவிட வேண்டும், திரும்பவும் உறைய வைக்கக் கூடாது. பருப்பையும் மசாலாவையும் இளக வைக்கக்கூட வேண்டாம், உறைந்த கட்டியாகவே வாணலியில் போட்டு ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு மூடினால் ஐந்து நிமிடத்தில் கரையும். நீர் பிரிந்து நிற்கும் பருப்பு கெட்டதல்ல, கரண்டியால் அடித்தால் சேர்ந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமைக்கு ஃப்ரீசர் பருப்பும் கடலையும் மீதமிருக்கும். கடலையைத் தாளித்துத் தேங்காய் தூவினால் சுண்டல், பருப்பில் ரசம். எதைச் சூடாக்கினாலும் அன்று வேண்டிய டப்பாவை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவிடுங்கள். முழுவதையும் சூடாக்கி மீந்ததைத் திரும்ப உள்ளே வைப்பதுதான் பண்டம் கெடும் வழி. சிறு டப்பாக்களாகப் பிரிக்கச் சொல்வது அதனால்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே இத்தனையையும் செய்துவிட முயல வேண்டாம். பருப்பு, மசாலா, நறுக்கிய காய் மூன்றை மட்டும் செய்து பாருங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். கடலையும் சுட்ட காயும் அடுத்த வாரம் சேரட்டும், கோழி அதற்கடுத்த வாரம். எத்தனை டப்பா செய்தோம், எத்தனை தீர்ந்தது என்று ஒரு மாதம் குறித்து வைத்தால் உங்கள் வீட்டுக்கான அளவு தானே தெரிந்துவிடும். வியாழன் காலை ஃப்ரிட்ஜில் "புதனுக்குள்" என்று எழுதிய டப்பா ஏதாவது மிஞ்சியிருந்தால் முகர்ந்து பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அடுத்த ஞாயிறு அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.